பந்தியிலிருந்து இலக்குக்கு
(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சேமலாப நிதிப் பிரச்சினையைத் தீர்ப்போம், கூட்டம் போடுவோம், பிள்ளைகள் படிப்பைக் கவனிப்போம்" என்று ஒரே பந்தியில் எழுதி வைக்கிறோம். வருட முடிவில் எது நடந்ததென்று சொல்ல முடிவதில்லை.

அதில் ஒரு நோக்கத்தைப் பிரித்தெடுப்போம்: சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதமும் நிர்வாகம் போடும் 12 வீதமும் ஒவ்வொருவர் கணக்கிலும் ஏற வேண்டும்.

அடுத்து, எண்ணக்கூடிய பெறுபேறுகள். உறுப்பினர் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஜூனுக்குள் 120 பேரின் சம்பளச் சீட்டையும் கணக்குக் கூற்றையும் ஒப்பிட்டு முடிப்போம். குறைவு கண்ட எல்லோருக்கும் ஜூலைக்குள் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுப்போம். டிசம்பருக்குள் அவர்களில் பாதிப் பேருக்காவது நிலுவை ஏறியிருக்க வேண்டும்.

"மூன்று கூட்டம்" என்பது வேலை; பெறுபேறு அல்ல. கூட்டம் நடந்தும் பணம் ஏறாதிருக்கலாம். ஆகவே மாதந்தோறும் கமிட்டியில் இந்த மூன்று எண்ணிக்கையையும் வாசிப்போம்.