"மின்வாரியம்" என்று ஒரே ஒரு வார்த்தை
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், உதவி எண்ணைக் கவனித்துக்கொள்ளும் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சங்கத்தின் வாட்ஸ்அப் எண் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். பராமரிப்புத் தொகை, தண்ணீர் லாரி, காவலாளி, பூங்கா சாவி. அவ்வளவுதான். ஆனால் அதில் "மின்வாரியம்", "மாநகராட்சி" என்று துறையின் பெயர் மட்டும் வரும். வணக்கம் இருக்காது, கேள்வி இருக்காது, கதவு எண்ணும் இருக்காது. எதிரில் இருப்பவர் பதற்றத்தில் இருக்கிறார், அல்லது கண்ணாடி போடாமல் தட்டச்சு செய்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இதற்குச் சுலபமான பதில் ஒன்று உண்டு: "இது சங்கத்தின் எண், அங்கே கேளுங்கள்." இன்னொன்று, எல்லாத் துறை எண்களும் அடங்கிய நீளப் பட்டியலை அப்படியே அனுப்பிவிடுவது. இரண்டுமே ஆளை அலைய வைக்கும். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

இரவு ஒன்பதே முக்கால். "மின்வாரியம்" என்று வந்தது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அதை அனுப்பிவிட்டுப் படுத்திருக்கலாம். அனுப்பவில்லை. "வணக்கம் ஐயா. இது சங்கத்தின் எண், மின்சாரப் புகார் இங்கே பதிவாகாது. சரியான இடத்தைச் சொல்கிறேன். மின்சாரம் போனது உங்கள் வீட்டில் மட்டுமா, பக்கத்து வீட்டிலுமா, தெருவிலா?" என்று கேட்டேன். பதில் வர நாலு நிமிடம் ஆயிற்று: "வீட்டில் இருக்கிறது. தெரு விளக்கு எரியவில்லை. அம்மா வாசலில் தடுக்கி விழப் பார்த்தார்கள்."

பாருங்கள், அவர் எழுதிய துறையே வேறு. சென்னையில் தெரு விளக்கைப் பராமரிப்பது மாநகராட்சி. அதற்கு எண் 1913. மின்னகத்தைக் கூப்பிட்டிருந்தால், காத்திருந்து, பேசி, கடைசியில் "இது எங்களுடையது இல்லை சார்" என்று கேட்டிருப்பார். ஒரே இரவில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர் மூன்றாவது முறை கூப்பிடுவாரா? விளக்கும் அப்படியே கிடக்கும்.

அவருக்கு இரண்டே வரி எழுதினேன்: "1913-ஐக் கூப்பிடுங்கள். எரியாத விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்." கம்பத்தின் எண் முக்கியம். "பிள்ளையார் கோயில் பக்கத்து விளக்கு" என்றால் வருகிறவர் எந்தப் பிள்ளையார் என்று தேடுவார். நம் பேட்டையில் நாலு பிள்ளையார். இருட்டில் எண் தெரியவில்லை என்றால் அடுத்த கம்பத்தின் எண்ணைச் சொல்லலாம்.

நானே அவருக்காகக் கூப்பிட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். முடியாதவர்களுக்குச் செய்கிறோம். ஆனால் யார் எண்ணிலிருந்து புகார் போகிறதோ அவரைத்தான் திரும்ப அழைப்பார்கள். அந்தக் கம்பம் எது என்று எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.

வீட்டில்தான் மின்சாரம் இல்லை என்று சொல்லியிருந்தால் கேள்வி மாறும். பக்கத்து வீட்டில் இருக்கிறதா? இருந்தால் முதலில் உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சைப் பாருங்கள். அது விழுந்திருந்து, தூக்கினாலும் மறுபடி விழுந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள், எலெக்ட்ரீஷியன்தான் வரவேண்டும். சுவிட்ச் சரியாக இருந்தும் மின்சாரம் இல்லையென்றால் அப்போது மின்னகம். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். கம்பி அறுந்து தொங்கினால் மட்டும் என் கேள்விகளுக்குக் காத்திருக்க வேண்டாம். கிட்டே போகாமல், யாரையும் போகவிடாமல், நேரே மின்னகத்தைக் கூப்பிடுங்கள்.

"மாநகராட்சி" என்று வருவதிலும் இதே குழப்பம்தான். தெருவில் தண்ணீர் தேங்கினால் மழைநீர் வடிகால் மாநகராட்சியைச் சேர்ந்தது. நாற்றத்தோடு சாக்கடை பொங்கினால் அது குடிநீர் வாரியம், 044-4567 4567. "நாற்றம் வருகிறதா?" என்ற ஒரு கேள்வி போதும், பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எழுத்தில் கொடுப்பதற்குச் சட்டமே கொஞ்சம் கருணை காட்டுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(3)-இன்படி, தவறான அலுவலகத்துக்கு மனு போனால் அவர்களே அதை 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. எனவே துறை பெயரோடு என்ன நடந்தது, எங்கே என்று இன்னும் இரண்டு வார்த்தை சேருங்கள். சேர்க்க முடியாவிட்டாலும் அனுப்புங்கள், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

நம் தெருக்களின் கம்ப எண்களைப் பையன்கள் இரண்டு பேர் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பட்டியல் வாசல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. உங்கள் வாசல் கம்பம் விட்டுப்போயிருந்தால் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.