புலியை மணந்த பெண்: பழைய கதையும் இன்றைய கார்ட்டூனும்



பண்டித நடேச சாஸ்திரி தென்னாட்டில் வாய்மொழியாக வழங்கிய கதைகளை 1880களில் சேகரித்து ஆங்கிலத்தில் அச்சிட்டார். தொல்லியல் துறையில் வேலை பார்த்தவர் அவர். கல்வெட்டுக்குக் காட்டிய அதே மரியாதையைப் பாட்டி சொன்ன கதைக்கும் காட்டினார். கிங்ஸ்கோட் என்ற ஆங்கிலேய அம்மையாரோடு சேர்ந்து 1890இல் அவர் வெளியிட்ட தொகுப்பிலிருந்து ஒரே ஒரு கதையைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

அழகான ஒரு பிராமணப் பெண், தனக்கு வரும் மாப்பிள்ளையும் அழகனாகத்தான் இருக்க வேண்டும் என்கிறாள். மந்திரம் தெரிந்த ஒரு புலி அழகிய இளைஞனாக உருமாறி, குளக்கரையில் உட்கார்ந்து ராமாயணம் படிக்கிறது. பெண் மயங்குகிறாள், கல்யாணம் நடக்கிறது. ஒரு மாதம் கழித்துப் புருஷன் வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். வழியில் அவள் பசி, தாகம் என்று சொல்ல, அவன் சீறுகிறான்: "சும்மா இருக்கிறாயா, சுயரூபத்தைக் காட்டட்டுமா?" காட்டு என்கிறாள். வாலும் வரியுமாகப் புலி நிற்கிறது. அன்று முதல் குகையில் அதற்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு வாழ்கிறாள். ஒரு புலிக்குட்டியும் பெறுகிறாள்.

ஒரு காகத்தின் கழுத்தில் ஓலையைக் கட்டி அனுப்புகிறாள். மூன்று அண்ணன்மார் வருகிறார்கள். வழியில் கிடைத்த கழுதை, எறும்பு, பனைமரம், துணி துவைக்கும் பெரிய சால் ஆகியவற்றையும் கூடவே கொண்டு வருகிறார்கள். மைத்துனர்களின் குரலைக் கேட்கப் புலி ஆசைப்படுகிறது. கழுதையின் காதில் எறும்பை விடுகிறார்கள், அது அலறுகிறது. பனைமரத்தை அவர்கள் கால் என்றும் சாலை வயிறு என்றும் நம்பிய புலி பயந்து ஓடுகிறது.

இதுவரை எந்தக் கார்ட்டூனும் தாங்கும். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடமும் இதுதான். கதை இங்கே முடியவில்லை. பெண் தன் புலிக்குட்டியை இரண்டாகக் கிழித்து அடுப்பின் மேல் தொங்கவிட்டுவிட்டுப் போகிறாள். சொட்டும் ரத்தம் நெருப்பில் விழும் ஓசையைக் கேட்டு, அவள் இன்னும் உள்ளே சமைக்கிறாள் என்று புலி நம்ப வேண்டும். பிறகு மனித உருவில் மாமனார் வீட்டுக்கு வந்த புலியை, எண்ணெய்க் குளியலுக்கு என்று பாழுங்கிணற்றின் மேல் விரித்த பாயில் உட்கார வைக்கிறார்கள். அது உள்ளே விழுந்து சாகிறது. அந்தக் கிணற்றின் மேல் தூண் எழுப்பி, துளசி நட்டு, நீர் ஊற்றி, மிச்ச வாழ்நாளைக் கழிக்கிறாள் அவள்.

அந்தத் துளசியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தன்னைச் சிறைவைத்தவனைக் கொன்ற பிறகும் அவள் விதவை. குட்டியைக் கிழித்த கை தண்ணீர் ஊற்றுகிறது. முகம் தெரியாதவனுக்குக் கழுத்தை நீட்டி, அவன் பின்னால் அயலூருக்குப் போகவிருந்த பெண்களுக்கு, போய் வந்த பெண்கள் சொன்ன கதை இது. வாசலில் இனிக்கப் பேசுகிறவன் நடுவழியில் வேறு ஆளாவான் என்பதும், தப்பித்தாலும் ஒன்றை இழந்துதான் தப்பிக்க வேண்டும் என்பதும் இதில் உண்டு. குட்டியையும் கிணற்றையும் துளசியையும் எடுத்துவிட்டால், கழுதை கத்திய வேடிக்கை மட்டுமே மிஞ்சும்.

மேல்நாட்டிலும் கதைகளை இப்படி மென்மையாக்கியிருக்கிறார்கள். கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட ஸ்னோ ஒயிட் கதையில் மகளைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவர்களே அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். ஆக, மென்மையாக்கும் வேலையைக் கார்ட்டூன்காரர்கள் தொடங்கவில்லை. ஆனால் கிரிம் கதையின் முடிவில் அவள் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு ஆடிச் சாகிறாள். டிஸ்னியின் 1937 படத்திலோ மின்னல் தாக்கிப் பாறை உடைய, கீழே விழுகிறாள். யாரும் தண்டிக்கவில்லை, இயற்கை பார்த்துக்கொண்டது. இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். ரத்தம் குறைந்ததில் வருத்தமில்லை. செயலுக்குப் பொறுப்பேற்கும் மனிதர் கதையிலிருந்து காணாமல் போகிறார்.

நான்கு வயதுக் குழந்தைக்குப் புலிக்குட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலப் பாட்டியும் கேட்கிற முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாள். சின்னவனுக்குக் கழுதையோடு நிறுத்தியிருப்பாள், வயதுக்கு வந்த பேத்திக்குக் கிணறு வரை போயிருப்பாள். கார்ட்டூன் எல்லா வயதுக்கும் ஒரே முடிவைக் காட்டுகிறது. பேத்தி வளர்ந்த பிறகு மீதிக் கதையைச் சொல்ல அதற்கு வாயில்லை.

பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் தார் சுற்றிக்கொண்டே கதை சொன்ன மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். சொல்வதைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். முடிவு கொடூரமாக இருக்கிறது என்று எந்த இடத்தையும் வெட்டாதீர்கள். சொன்னவர் பெயரையும் தெருவையும் தேதியையும், அவர் சம்மதத்தோடு, அதே பதிவில் சேர்த்து வையுங்கள்.