கூட்டம் இருந்தால் போதுமா?

(வடமதுரையில் நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில நாட்களுக்கு முன் ஒரு தம்பி நம் அலுவலகத்துக்கு வந்தார். பணம் கட்டிச் சேரும் ஓர் இணையதளத்தில், அம்மாவின் நகையை அடகு வைத்துச் சேரலாமா என்று யோசனை கேட்டார். செல்போனில் ஒரு பக்கத்தைக் காட்டினார். “பாருங்க பாய், மாசம் லட்சக்கணக்கான பேர் வர்றாங்க. தரவரிசையிலும் மேல இருக்கு. ஏமாத்துற தளமா இருந்தா இத்தனை பேர் வருவாங்களா?” என்றார்.

முதலில், அந்த எண் எப்படிக் கிடைக்கிறது? ஒரு தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற நேரடிக் கணக்கு அதை நடத்துபவரிடம்தான் இருக்கும். வெளியிலிருந்து சொல்பவர்கள் மதிப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் எல்லோரும் காட்டிய ‘அலெக்ஸா’ தரவரிசை, முக்கியமாக அதன் கருவிப்பட்டையைத் தங்கள் கணினியில் போட்டிருந்தவர்களின் வருகையை வைத்துப் போடப்பட்டது. பத்து வீட்டில் விசாரித்து ஊருக்கே கணக்குச் சொல்வது போல. ஒரு தளம் தன் ஆட்களையே அந்தக் கருவியைப் போடச் சொன்னால் அதன் இடம் உயர்ந்துவிடும். 2022 மே மாதம் அந்தச் சேவையே மூடப்பட்டது.

சரி, எண் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது எதைக் காட்டுகிறது? ‘ஸ்பீக் ஏசியா’வைப் பாருங்கள். 11,000 ரூபாய் கட்டினால் வாரம் இரண்டு கருத்துக்கணிப்பு. ஒவ்வொன்றையும் நிரப்பினால் 500 ரூபாய் என்றார்கள். சுமார் 24 லட்சம் பேர் சேர்ந்ததாகச் சொல்லப்பட்டது. அவர்கள் வாரம் இரண்டு முறை உள்ளே போனாலே 48 லட்சம் வருகை. வெளியாள் ஒருவர்கூட வரவேண்டியதில்லை. கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க வந்தவர்களே அந்தக் கூட்டம். கூட்டம் பெருகப் பெருக, சிக்கியவர்கள்தான் பெருகினார்கள். 2011-ல் பணம் வருவது நின்றது. மும்பை காவல்துறை வழக்குப் போட்டது. பணம் நின்ற பிறகு பயந்துபோய்த் தளத்தைத் திறந்து திறந்து பார்ப்பதும் வருகையாகத்தான் பதிவாகும். வருகைக் கணக்குக்கு நம்பிக்கையும் தெரியாது, பதற்றமும் தெரியாது.

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு எத்தனை லாரி வந்தது என்று எண்ணினால், எந்தக் கடையின் தராசு சரி என்று தெரியுமா? தராசைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். நமக்குத் தரும் பணம் யாரிடமிருந்து வருகிறது? புதிதாகச் சேர்பவரிடமிருந்து என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மக்களிடம் பணம் வாங்க அதற்கு அனுமதி உண்டா? ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்தில் பார்க்கலாம். கம்பெனியாகப் பதிவு செய்த சான்றிதழ் மட்டும் இருந்தால் அது அனுமதி ஆகாது. பிரச்சினை வந்தால் எந்த முகவரியில், யாரைப் போய்க் கேட்பது?

மூன்றுக்கும் அவரிடம் பதில் இல்லை. நகை வீட்டிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு நாள் கடத்த வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு.

வஸ்ஸலாம்.