வினாவில் உள்ள ஒரு சொல்லைப் பிடிப்போம்

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளோடு பழைய வினாத்தாள்களைப் பார்க்கும்போது நாங்கள் முதலில் விடை எழுதவிடுவதில்லை. அரைப் பக்கத்தில் ஒரு குறிப்புச் சட்டகம்தான் போடச் சொல்கிறோம். இன்று ஒரு வினாவை எடுப்போம்: “பல அங்கத்தவர் தொகுதி முறை சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவத்தை உறுதிப்படுத்துகின்றதா? ஆராய்க.”

பிள்ளைகள் உடனே 1977ஆம் ஆண்டு நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதிக்குப் போவார்கள். மூன்று ஆசனங்கள், அவற்றில் ஒன்று தொண்டமானுக்கு. சரிதான், ஆனால் அது கதை. வினாவில் ‘முறை’ என்றல்லவா இருக்கிறது? அன்று ஒரு வாக்காளருக்கு மூன்று வாக்குகள்; மூன்றையும் ஒருவருக்கே அளிக்கலாம். சிதறாமல் வாக்களித்த சிறுபான்மையினர் ஓர் ஆசனம் பெற அந்த விதி வழிவிட்டது. இந்த இணைப்பு வாக்கியம் சட்டகத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, பெயர் ஒன்றாகவும் விதி வேறாகவும் உள்ள ஓர் உதாரணம் தேவை. சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள பொங்கோல் அதற்குப் பொருந்தும். அங்கே 1988 முதல் குழுத்தொகுதி முறை இருக்கிறது. வேட்பாளர்கள் குழுவாக நிற்பார்கள்; குழுவில் ஒருவரேனும் மலாய், இந்திய அல்லது வேறு சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். வாக்காளருக்கு ஒரே வாக்கு, அதுவும் குழுவுக்கு. 2025 தேர்தலில் பொங்கோலில் மக்கள் செயல் கட்சி ஏறத்தாழ 55 சதவீத வாக்குகளால் நான்கு ஆசனங்களையும் பெற்றது. மற்ற 45 சதவீதத்துக்கு ஆசனம் ஒன்றுமில்லை.

இங்கேதான் பாடநூல் உதவும். 1967இல் ஹன்னா பிட்கின் எழுதிய நூல், மக்களைப் போன்ற ஒருவர் சபையில் இருப்பதையும், அவர் மக்களுக்காகச் செயற்படுவதையும் பிரித்துக் காட்டுகிறது. பொங்கோல் விதி முதலாவதை உறுதிசெய்கிறது. ஆனால் அந்தச் சிறுபான்மை உறுப்பினரைத் தெரிவுசெய்வது கட்சி; அவருக்கென்று தனி வாக்கில்லை. ஆகவே இரண்டாவதை விதி மட்டும் உறுதிசெய்யாது. நுவரெலியாவில் சமூகமே தன் ஆளைத் தெரிந்தது.

மறுதரப்புக்கும் ஒரு வரி வேண்டும். குழுமுறை வருவதற்கு முன்பே, 1981இல், ஆன்சன் என்ற ஓர் அங்கத்தவர் தொகுதியில் எதிர்க்கட்சியின் ஜெயரத்தினம் வென்றார். இதைக் கொண்டு ‘விதியே வேண்டாம்’ என்று பிள்ளை எழுதினால் நாங்கள் புள்ளியைக் குறைப்போம். ஓர் இடைத்தேர்தல் அவ்வளவு சுமையைத் தாங்காது. ‘விதியின்றியும் வெல்ல முடியும், ஆனால் நிச்சயமில்லை’ என்பதே அது தரும் அளவு.

இனிச் சட்டகத்தின் முதல் வரியை எழுதலாம்; அதை நாங்கள் கடைசியில்தான் எழுதச் சொல்வது: “தொகுதியில் எத்தனை அங்கத்தவர் என்பதைவிட, வாக்கை எப்படி அளிக்கலாம் என்ற விதியே விடையைத் தீர்மானிக்கிறது.”