வாளியை ஒட்டலாம், நாற்காலிக் காலை ஒட்ட வேண்டாம்
(மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நிக்காஹ் வீட்டுக்கும் மய்யித்து வீட்டுக்கும் நம்மிடமிருந்து போகும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சில, காலில் கம்பி சுற்றியோ எம்சீல் அப்பியோ திரும்பி வருகின்றன. உடைத்துவிட்டோமே என்ற கூச்சத்தில், நல்ல எண்ணத்தோடுதான் யாரோ ஒட்டி அனுப்புகிறார்கள். அதனால்தான் இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டோம். எது ஒட்டினால் நிற்கும், எது நிற்காது என்று தெரிந்துகொண்டால் வீட்டிலிருக்கும் வாளிக்கும் அது உதவும்.

முதலில் பசை ஏன் பிடிப்பதில்லை என்று பார்ப்போம். வாளியும் நாற்காலியும் பெரும்பாலும் பாலி எத்திலின் அல்லது பாலி புரோப்பிலின் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. இவற்றின் மேல்பரப்பு மெழுகு போன்றது. ஃபெவிக்விக் தடவினால் காய்ந்து கெட்டியாகும், ஆனால் பிளாஸ்டிக்கோடு சேராது. நகத்தால் கிள்ளினால் தகடாகப் பெயர்ந்து வரும். எம்சீலும் அப்படித்தான். அதோடு, தண்ணீர் நிறைந்ததும் வாளியின் பக்கம் லேசாகப் பிதுங்கும். எம்சீல் பிதுங்காது. அதனால் இரண்டு நாளில் ஓரம் விட்டுக் கசிய ஆரம்பிக்கும். இதில் பசையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது ஒட்டக்கூடிய பொருள் இது இல்லை, அவ்வளவுதான்.

பிடிப்பது உருக்கி ஒட்டுவதுதான். முன்பெல்லாம் தெருவில் "பிளாஸ்டிக் குடம், வாளி ஒட்டுறது" என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துச் செய்தது இதைத்தான். நம் திருவெறும்பூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பெல் ஆலையில் வேலை பார்த்த அத்தாமார்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. இரும்பு வெல்டிங்கில் உள்ள இரண்டு விதிகள் இங்கேயும் பொருந்தும். சேர்க்கும் பொருள் அதே இனமாக இருக்க வேண்டும். விரிசலின் மேலே பூசக்கூடாது, அதைத் திறந்து உள்ளிருந்து நிரப்ப வேண்டும்.

பக்கவாட்டில் நான்கு விரல் நீளம் விரிந்த ஒரு 15 லிட்டர் வாளியை எடுத்துக்கொள்வோம். அடியில் முக்கோணக் குறிக்குள் 2 என்றிருந்தால் பாலி எத்திலின், 5 என்றிருந்தால் பாலி புரோப்பிலின். அதே எண் போட்ட பழைய வாளியின் விளிம்பிலிருந்து தீக்குச்சி கனத்தில் சில பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். எண் தேய்ந்திருந்தால், ஒரு துண்டை வாளியின் ஓரத்தில் உருக்கி ஒட்டி, நன்றாக ஆறியதும் கத்தியால் நெம்பிப் பாருங்கள். சுத்தமாகக் கழன்று வந்தால் அது வேறு இனம். பிய்ந்து வந்தால் சரியான இனம்.

வாளியைக் கழுவி நிழலில் முழுதாகக் காய விடுங்கள். ஈரம் இருந்தால் உருகும்போது குமிழ் விழும். விரிசலின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். துளையில்லாவிட்டால் ஒட்டிய பிறகும் விரிசல் முனையிலிருந்து மேலும் ஓடும். பிறகு கத்தியால் விரிசல் நெடுக, கனத்தில் பாதி ஆழத்துக்கு ஒரு சாய்வுப் பள்ளம் கீறுங்கள். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். முதலில் இரண்டு மூன்று இடத்தில் குறுக்கே உருக்கித் தையல் போடுவது போலப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்துப் பட்டையைப் பள்ளத்தில் வைத்து, பட்டையும் வாளியும் ஒன்றாக உருகும்படி மெதுவாக நகர்த்துங்கள். துளைகளையும் நிரப்புங்கள். ஆறிய பின் உள்பக்கமும் இதேபோலச் செய்ய வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் ஒட்டினால் பாதிக் கனம்தான் சேர்ந்திருக்கும்.

ஜன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். அடுப்புத் தீயில் நேராகக் காட்டவே கூடாது. கருகிய பிளாஸ்டிக் பிடிப்பதில்லை, நொறுங்கும். முடிந்ததும் பாதி தண்ணீர் விட்டு, பழைய செய்தித்தாள் மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் மறுநாள் முழுவதும் நிரப்பிப் பாருங்கள்.

இப்படி ஒட்டிய வாளி ஒளு செய்யத் தண்ணீர் பிடித்து வைக்க, துணி அலச, தரை துடைக்க நன்றாக உழைக்கும். சுடுதண்ணீருக்கு மட்டும் வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், ஒட்டு விட்டால் கால் வெந்துவிடும். கைப்பிடிக் கம்பி மாட்டும் காதில் விரிசல் விட்டிருந்தாலும் ஒட்ட வேண்டாம். நிறைந்த வாளியின் 15 கிலோவும் அந்த இரண்டு காதுகளில்தான் தொங்குகிறது. மாடிப்படியில் ஏறும்போது ஒன்று பிய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கம்பியைக் கழற்றிவிட்டு, செடி வைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் கிடந்த வாளி வேறு கதை. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி ஒட்டும். ஓரத்தை வளைத்தால் வளையாமல் பிஸ்கட் போல முறியும். இதை எவ்வளவு அழகாக ஒட்டினாலும் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக விரியும்.

சரி, நாற்காலிக் காலும் அதே பிளாஸ்டிக்தானே, அதையும் உருக்கி ஒட்டலாமே என்று ஒரு சகோதரர் கேட்டார். ஒட்டும், பார்க்கவும் உறுதியாகத்தான் தெரியும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

ஒரு தாளை நடுவில் மடித்து நிறுத்துங்கள், நிற்கும். மடிப்பைக் கொஞ்சம் கிழித்துவிட்டு நிறுத்துங்கள், அந்த இடத்தில் மடங்கிவிடும். நாற்காலிக் கால் கட்டைபோல் திண்ணமானது இல்லை. சில மில்லிமீட்டர் கனத் தகடு மடிந்து நிற்பதுதான். அதன் பலமெல்லாம் மடிப்பில் இருக்கிறது. விரிசல் வருவதும் பெரும்பாலும் கால் இருக்கையோடு சேரும் இடத்தில், மடிப்பின் ஓரத்தில்தான். உட்காருகிறவர் சாயும்போதெல்லாம் வளைவு அதிகமாக விழும் இடமும் அதுவே. 60 கிலோ எடையை நான்கால் வகுத்து, காலுக்கு 15 கிலோதானே என்று கணக்குப் போடக்கூடாது. பின்னால் சாய்ந்தால் ஏறக்குறைய முழு எடையும் பின்கால் இரண்டில் இறங்கும். தொப்பென்று உட்கார்ந்தால் அந்த நொடியில் இன்னும் கூடும். டைல்ஸ் தரையில் கால்கள் வெளியே வழுக்கவும் பார்க்கும்.

வாளியின் ஒட்டு விட்டால் முதலில் சொட்டும், நமக்குத் தெரிந்துவிடும். நாற்காலிக் கால் அப்படி முன்கூட்டியே சொல்லாது. உட்கார்ந்து தொழுகிற நன்னாவோ, நிறைமாத மகளோ உட்கார்ந்திருக்கும்போது ஒரே நொடியில் மடங்கும். வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிய அந்த உயரம் போதும். மூங்கில் வைத்துக் கட்டுவது, ஸ்க்ரூ போட்டு மரக்கட்டை பிடிப்பது எல்லாமே துளை போட்டுப் புது விரிசலுக்கு வழி திறப்பதுதான். கால் விரிந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுக்கிலிருந்து நாற்காலியை எடுத்ததும் கவிழ்த்துப் போட்டு, கால் இருக்கையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிகிறதா, நகத்தை ஓட்டினால் தட்டுகிறதா என்று கவனியுங்கள். எதிரெதிர்க் கால்களை லேசாக விலக்கிப் பாருங்கள், மறைந்திருக்கும் விரிசல் வாய் திறக்கும். இறுகிக் கிடக்கும் அடுக்கை ஒற்றைக் காலைப் பிடித்து இழுக்காதீர்கள். பல விரிசல் அங்கேதான் பிறக்கிறது. இரண்டு பேர் இரு பக்கமும் கைப்பிடியைப் பிடித்து நேராக மேலே தூக்குங்கள்.

விரிந்த நாற்காலியை "எதற்காவது ஆகும்" என்று மூலையில் போட வேண்டாம். அவசரத்தில் வரும் விருந்தாளிக்கு அதைத்தான் இழுத்துப் போடுவோம். அந்தக் காலை ரம்பத்தால் அறுத்துவிட்டுப் பழைய பிளாஸ்டிக் கடைக்குப் போடுங்கள். நம் நாற்காலியாக இருந்தால் ஒட்டாமல், ஒரு சிவப்புத் துணி கட்டித் திருப்பி அனுப்புங்கள். யார் உடைத்தது என்று நாங்கள் கேட்க மாட்டோம்.