பாதியில் நிற்கும் வீடு: கான்ட்ராக்டரை நிறுத்துவதற்கு முன்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "வீட்டைப் பாதியில போட்டுட்டுப் போன ஆளை எப்படிம்மா கழட்டி விடுறது?" என்று கேட்டார்கள். அன்றைக்கு நேரம் இல்லை. அதனால் இன்றைக்கு அதையே பேசலாம் என்று வந்திருக்கிறோம். நம் குழு உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததை, அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறோம்.

அந்த அக்காவின் கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். 500 சதுர அடி ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, கான்கிரீட் வீடு கட்ட ஒரு கான்ட்ராக்டரிடம் பேசினார்கள். சதுர அடிக்கு 1,800 ரூபாய், பொருளோடு சேர்த்து மொத்தம் 9 லட்சம். ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாகப் பேச்சு. ஒரு நோட்டுத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நோட்டுத் தாள்தானே என்று நினைக்காதீர்கள். அதுவும் ஒப்பந்தம்தான். வாய்ப் பேச்சுகூட ஒப்பந்தம்தான், ஆனால் அதை நிரூபிப்பது கஷ்டம்.

முன்பணம் ஒன்றரை லட்சம், பேஸ்மட்டம் முடிந்ததும் 2 லட்சம், லிண்டல் மட்டத்தில் 2 லட்சம். ஆக 5,50,000 கொடுத்தாகிவிட்டது. பதினான்கு மாதம் ஆகியும் சுவர் லிண்டலோடு நிற்கிறது. கூரை இல்லை. அக்கா பிள்ளைகளோடு மாதம் 2,500 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறார். போன் செய்தால், "அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்க்கா" என்பார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

வேலையின் தரத்தையும் பார்த்தோம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் ஒரு பக்கச் சுவர் ஒன்றரை அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது. சாவியால் கீறினால் பூச்சுக் கலவை மணலாக உதிர்ந்தது. சிமெண்ட் குறைவாகப் போட்டிருக்கலாம், சரியாகத் தண்ணீர் விடாமலும் இருந்திருக்கலாம். இரண்டு தூண்களின் அடியில் ஜல்லி தெரியத் தெரிய ஓட்டைகள், ஒன்றில் கம்பியே வெளியே தெரிந்தது. இந்தத் தூண்கள் மேல்தான் கூரை உட்காரப் போகிறது!

அக்காவுக்குக் கோபம். "நாளைக்கே வேற கொத்தனாரை விட்டு வேலையை ஆரம்பிச்சிடுறேன்" என்றார். நாங்கள் கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாக நிறுத்தினோம். காரணம் இருக்கிறது. புது கொத்தனார் கை வைத்துவிட்டால் பழைய ஆள் செய்தது எவ்வளவு, கெடுத்தது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. "எல்லாம் நல்லாத்தான் கட்டினேன், புது ஆளுதான் கெடுத்தான்" என்று அவர் சொன்னால் நம்மிடம் பதில் இருக்காது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆறு மாதம் முடிந்த பிறகும் அக்கா "பரவாயில்லை தம்பி, செஞ்சு குடுங்க" என்று காத்திருந்தார். லிண்டல் பணத்தை அப்போதுதான் கொடுத்தார். கெடு தாண்டியும் ஒன்றும் சொல்லாமல் வேலையை ஏற்றுக்கொண்டால், அந்தத் தாமதத்துக்குப் பின்னால் நஷ்டஈடு கேட்பது சிரமம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இல் 55-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே திரும்ப ஒரு கெடுவை எழுத்தில் வைக்க வேண்டியிருந்தது.

முதல் கடிதம் ஒரு பக்கம்தான். ஒப்பந்தத் தேதி, கொடுத்த பணம், நின்று போன வேலை, சாய்ந்த சுவர், தூண் ஓட்டை எல்லாம் எழுதினோம். "15 நாளுக்குள் ஆள் வைத்துக் குறைகளைச் சரிசெய்து வேலையைத் தொடங்கவும். இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வோம், தாமதத்துக்கு நஷ்டஈடும் கேட்போம்" என்று முடித்தோம். திட்டு ஒன்றும் இல்லை. பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் தபால் ஆபீசில் டெலிவரி ஆனதற்கு அத்தாட்சி வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். "வாங்க மறுத்தார்" என்று கடிதம் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். அப்படியே பெட்டியில் வையுங்கள், அதுவும் சாட்சி.

பதினைந்து நாள் போனது, ஆள் வரவில்லை. இரண்டாவது கடிதத்தில்தான், "ஒப்பந்தம் முடிந்தது" என்று எழுதினோம். கூடவே, "இன்ன தேதி காலை 10 மணிக்கு வேலையை அளக்கப் போகிறோம், நீங்களும் வரலாம்" என்றும் எழுதினோம். அவர் வராவிட்டாலும் அழைத்தோம் என்பது பதிவாகிவிடும்.

அவர் வரவில்லை. பக்கத்து வீட்டு இருவர், வார்டு உறுப்பினர், நாங்கள், ஒரு சிவில் என்ஜினியர் இருந்தோம். டேப் வைத்து சுவரின் நீளம், உயரம் எல்லாம் எழுதினோம். குறைகளுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்தோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அங்கே கிடந்த அவருடைய சென்ட்ரிங் தகடு, முட்டு, கலவை மெஷின் எல்லாவற்றையும் தனிப் பட்டியல் எடுத்தோம். அக்காவுக்கு அதைப் பூட்டி வைக்கணும் என்று ஆசை. வேண்டாம் என்றோம். "என் சாமானைப் பிடிச்சு வச்சிருக்காங்க" என்று அவர் ஸ்டேஷனுக்குப் போனால் வழக்கே திசை மாறிவிடும். இரண்டு நாள் கழித்து ஆள் அனுப்பினார். பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டோம்.

இப்போது கணக்கு. என்ஜினியர் எழுதிக் கொடுத்த மதிப்பு, நடந்த வேலை 4,10,000. தூணையும் சுவரையும் சரிசெய்ய 45,000. அதைக் கழித்தால் 3,65,000. கொடுத்தது 5,50,000. ஆக அதிகமாகப் போனது 1,85,000. எட்டு மாத வாடகை 20,000 சேர்த்து 2,05,000 கேட்டோம். பாருங்கள், முழு 5,50,000 கேட்கவில்லை. செய்த வேலைக்கு அவருக்கும் பாத்தியதை உண்டு. அதை ஒத்துக்கொண்டு கேட்டால்தான் நம் கணக்கை நம்புவார்கள்.

எங்கே போவது? வீடு கட்டித் தருவது சேவை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனு போடலாம், அக்கா கொடுத்த தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். ஆனால் அக்காவுக்குச் சீக்கிரம் முடியணும். அதனால் முதலில் தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடாமலேயே லோக் அதாலத்தில் இருவரையும் உட்கார வைத்துப் பேசலாம். இரண்டு பேரும் சம்மதித்தால்தான் முடியும் என்பது அதன் குறை. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட்டு தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது.

கான்ட்ராக்டர் வந்தார். "சிமெண்ட் விலை ஏறிப்போச்சு, வேற சைட்டுல பணம் மாட்டிக்கிச்சு" என்றார். பாவம், பொய்யாகவும் இருக்காது. ஆனால் அந்த ஓட்டையைப் பக்கத்து வீட்டுக்காரர் பணத்தால் அடைக்கலாமா? அளவுத் தாளையும் போட்டோவையும் எடுத்து வைத்ததும் பேச்சு குறைந்தது. 1,40,000 ரூபாயை மூன்று தவணையில் தருவதாக எழுதினார்கள். அக்கா 65,000 விட்டுக்கொடுத்தார். எங்களுக்கு மனசில்லை. ஆனால் வாடகையும் வெயிலும் அவருக்குத்தானே தெரியும்.

அடுத்த வாரமே புது கொத்தனாரைக் கூப்பிட்டு, முதல் வேலையாகத் தூண்களைச் சரிசெய்தார்கள். இந்த முறை பணம் முன்னால் போகவில்லை. ஒவ்வொரு கட்டமும் முடிந்து, என்ஜினியர் பார்த்த பிறகுதான் கொடுக்கிறார்கள். இரண்டு தவணை வந்துவிட்டது. மூன்றாவது தவணைக்கு அடுத்த மாதம் 10-ஆம் தேதி கெடு. வராவிட்டால் நிறைவேற்று மனு போடணும். அதற்கான பேப்பரை அக்கா இப்போதே எங்களிடம் கொடுத்து வைத்திருக்கிறார்.