பெரிய அணைகளால் அதிகம் விளைவது நன்மையா, தீமையா?

‘பெரிய அணைகளால் தீமையைவிட நன்மையே அதிகம்’ என்னும் தலைப்பில் பள்ளியில் விவாதம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மறுத்துப் பேசும் மாணவர் ஒருவரின் உரையை இன்று கேட்கலாம்.

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, எதிரணித் தோழர்களே!

அடித்தளத்திலிருந்து 15 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரமுள்ள அணையைப் பெரிய அணை என்று உலகப் பொறியியலாளர்கள் வகுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட அணை ஒன்று நமது கேமரன் மலையில், ரிங்லெட்டில் இருக்கிறது. சுல்தான் அபு பக்கார் அணை என்பது அதன் பெயர். உயரம் சுமார் 40 மீட்டர். பெர்த்தாம் ஆற்றைத் தடுத்து, 1963ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது.

அதனால் வந்த நன்மையை நான் மறைக்கப் போவதில்லை. ஏரித் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியே போய், 500 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இறங்கி, ஜோர் மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. 100 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் வசதி அங்கே உண்டு. எண்ணெயும் வேண்டாம், கரியும் வேண்டாம். எதிரணியினர் இதைச் சொல்வார்கள். உண்மைதான்.

ஆனால், கணக்கை இதோடு முடித்துவிடலாமா? மழைக் காலத்து ஆற்று நீரை ஒரு வாளியில் மொண்டு ஓர் இரவு அசையாமல் வைத்துப் பாருங்கள். காலையில் மேலே தெளிந்த நீரும் அடியில் சேறும் இருக்கும். ஓடும் ஆறு மண்ணைச் சுமந்து செல்லும். நின்ற நீர் அதைக் கீழே விட்டுவிடும். அணை ஏரி என்பது அந்த வாளிதான். ஆனால் கவிழ்த்துக் கழுவ முடியாத வாளி.

ரிங்லெட் ஏரியின் மொத்தக் கொள்ளளவு 63 இலட்சம் கன மீட்டர். அதில் 16 இலட்சத்தைச் சேறு தங்குவதற்கென்றே ஒதுக்கினார்கள். ஆண்டுக்கு 20,000 கன மீட்டர் சேறு வந்தால் 80 ஆண்டுகளுக்கு அந்த இடம் போதும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. நடந்தது என்ன? 50 ஆண்டுகளில் ஏரியின் ஏறத்தாழப் பாதி மண்ணால் நிரம்பிவிட்டது. வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 60,000 கன மீட்டருக்கும் மேல். அதாவது, நினைத்ததைப்போல் மூன்று மடங்கு. இடையிடையே தூர்வாரியும் இந்த நிலை!

காரணம், ஏரிக்கு மேலே உள்ள மலைச் சரிவுகள். காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் காடு அழிக்கப்பட்டது. மறுநடவின்போது மூடுபயிர் போடாமல் விட்ட சரிவு மழையில் எப்படிக் கரையும் என்பது தோட்டத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

சேறு நிரம்பினால் மின்சாரம் மட்டுமா குறையும்? மழைநீரைத் தாங்கும் இடமும் குறைகிறது. கனமழை பெய்தால் ஏரி விரைவில் நிரம்பிவிடும். மதகைத் திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், நள்ளிரவுக்குப் பின் அப்படித்தான் மதகுகள் திறக்கப்பட்டன. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்த மக்களின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. உயிர்களும் பலியாயின. அணை உடையவில்லை, அணையைக் காப்பாற்றவே தண்ணீர் விடப்பட்டது.

‘ஆற்றோரத்தில் ஏன் வீடு கட்டினார்கள்?’ என்று எதிரணியினர் கேட்கலாம். ஆற்று நீரில் பெரும்பகுதி சுரங்கத்தின் வழியே வேறு பக்கம் போய்விடுகிறது. அணைக்குக் கீழே ஆறு ஓடையாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஆண்டுக்கணக்கில் வெள்ளத்தைக் காணாத கரையில் மனிதன் குடியேறுகிறான், பயிர் வைக்கிறான். அணை அவனுக்குப் பொய்யான பாதுகாப்பைக் காட்டிவிட்டது.

‘அது காட்டை அழித்தவர்களின் குற்றம், அணையின் குற்றமல்ல’ என்பது அவர்களின் அடுத்த வாதமாக இருக்கும். தோழர்களே! அணையின் ஆயுள் அதன் சுவரில் இல்லை, மேலேயுள்ள காட்டில் இருக்கிறது. காட்டைக் காக்க வழி செய்யாமல் அணையை மட்டும் கட்டினால் அந்த நன்மை கடன் வாங்கிய நன்மை. மின்சாரத்தை நாடெங்கும் அனுபவிக்கிறோம். தூர்வாரும் செலவு ஆண்டுதோறும் ஏறுகிறது. வாரிய சேற்றைக் கொட்ட மலையில் சமநிலம் கிடைப்பதும் அரிது. ஆபத்தையோ, மதகுக்குக் கீழே வாழும் சில நூறு குடும்பங்கள் மட்டுமே சுமக்கின்றன.

திறப்பு விழா நாளில் நன்மை முழுதும் கண்ணுக்குத் தெரியும். தீமையோ ஒவ்வொரு மழையிலும் நீருக்கடியில் சிறிது சிறிதாகச் சேரும். இரண்டையும் 50 ஆண்டு கழித்து நிறுத்துப் பார்த்தால் தீமையின் தட்டே தாழ்கிறது என்று கூறி அமர்கிறேன்.